மாதம் 42,000 பார்வை வரும் தமிழ்ப் பயிற்சித்தாள் தளம்: விளம்பரம் போடலாமா, போட்டால் எங்கே?

செங்காங் அம்மா · 9 ஜூன், இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் பயிற்சித்தாள்களை மூன்று வருஷமாக என் தளத்தில் போட்டு வருகிறேன். கருத்தறிதல், படம் பார்த்துக் கட்டுரை, வாய்மொழித் தேர்வுக்கான உரையாடல், இப்படி. பெரியவள் பிஎஸ்எல்இ எழுதிய வருஷம் அவளுக்காக ஆரம்பித்தது. அவள் இப்போது உயர்நிலை மூன்று. அவளுக்கு அது வேண்டாம், ஊருக்கு வேண்டியிருக்கிறது.

போன மாதம் 42,000 பக்கப் பார்வை. டொமைன், சர்வர் என்று வருஷத்துக்கு 190 வெள்ளி என் கையிலிருந்து போகிறது. வீட்டுக்காரர் "ஒரு விளம்பரம் போட்டால் அதுவாவது திரும்பி வருமே" என்கிறார். எனக்கு மூன்று கேள்வி. இந்த எண்ணிக்கை விளம்பரத்துக்குப் போதுமா? பக்கத்தில் எங்கே வைப்பது? கடைசியாக, என்னை நம்பித் தாளை அச்சடித்துப் பிள்ளையிடம் கொடுக்கிற அம்மாக்கள் முகம் சுளிப்பார்களா? இந்த மூன்றாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது.

வேர்ட்பிரஸ் தளம். பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள்.

---

கிளிக்ராஜா · 9 ஜூன், இரவு 11.15

அக்கா, 42,000 பத்தாது. மீடியாவைன் என்ற விளம்பர நிறுவனம் 50,000 கேட்கும். இன்னும் எட்டாயிரம்தான், கொஞ்சம் பொறுத்தால் நேராக அங்கே போய்விடலாம், கூகுளின் ஆட்சென்ஸைவிடப் பல மடங்கு கிடைக்கும். அதுவரைக்கும் ஆட்சென்ஸ் போட்டு வையுங்கள். விளம்பரத்தைத் தானாகவே வைக்கும் ஆட்டோ ஆட்ஸை முழுசாகத் திறந்துவிடுங்கள், எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவும் காசு.

ஒரு ரகசியம் சொல்கிறேன். பதிவிறக்கப் பொத்தானுக்கு நேர் மேலே ஒரு விளம்பரம் வையுங்கள். தாள் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் விரலை வைப்பார்கள். தங்கச் சுரங்கம்.

---

பழைய பதிவர் · 10 ஜூன், காலை 7.05

ராஜா தம்பி பாதி சரி, பாதி ஆபத்து.

முதலில் எண்ணிக்கை. ஆட்சென்ஸுக்குக் குறைந்தபட்சப் பார்வை என்று எதுவும் கிடையாது. தளம் சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும், படிக்க ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழை அது ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். அதற்கு முன் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. ஆங்கிலத்தில் பத்துப் பதிவு போட்டு ஒப்புதல் வாங்கிவிட்டு, பிறகு சத்தமில்லாமல் தமிழுக்கு மாறியவர்களை எனக்குத் தெரியும்.

மீடியாவைன் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்த 50,000 என்பது பக்கப் பார்வை இல்லை, 30 நாளில் வரும் செஷன். ஒருவர் வந்து நாலு தாளைத் திறந்து பார்த்தால் அது நாலு பார்வை, ஒரே செஷன். செங்காங் அம்மா தளத்தில் செஷன் எவ்வளவு என்று பார்த்தால், 42,000-இல் பாதிகூட வராது என்று நினைக்கிறேன். ராப்டிவ் என்ற இன்னொரு விளம்பர நிறுவனம் ஒரு காலத்தில் 1,00,000 பார்வை கேட்டது, 2025-இல் 25,000 ஆக இறக்கியது. ஆனால் வாசலைத் தாழ்த்தினாலும் வாசகர் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதை விடவில்லை. பெரும்பகுதி அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வர வேண்டும். தமிழ்த் தளத்துக்கு அது நடக்கிற காரியமா? ஆகவே அந்த வாசலில் காத்திருப்பது வீண்.

நமக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட எங்கிருந்து வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. அம்மா, உங்கள் 42,000-ஐ நாடு வாரியாகப் பிரித்துச் சொல்லுங்கள், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பொத்தானுக்கு மேலே விளம்பரம் மட்டும் வேண்டவே வேண்டாம். காரணத்தைச் சாயங்காலம் எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்புகிறேன்.

---

செங்காங் அம்மா · 10 ஜூன், காலை 9.30

பார்த்தேன் அண்ணே. செஷன் 18,700. நீங்கள் சொன்னதுபோலவே பாதிக்கும் கீழே.

எனக்கே ஆச்சரியம், சிங்கப்பூரிலிருந்து 6,000 பார்வைதான். இந்தியாவிலிருந்து 31,000! தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் "மழைக்காலம் கட்டுரை" என்று தேடி வருகிறார்கள் போல. மீதி 5,000 மலேசியா, இலங்கை, வளைகுடா.

---

மதுரைக்கவி · 10 ஜூன், பகல் 1.20

நானும் விளம்பரத்துக்கு விண்ணப்பித்தேன், இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். உள்ளடக்கத்தில் மதிப்புக் குறைவாம். 400 கவிதை இருக்கிறது ஐயா, ஒவ்வொன்றும் நானே எழுதியது. கவிதைக்கு மதிப்பில்லை என்று இயந்திரம் சொல்கிறதா? தமிழுக்கு இந்த நிலையா?

---

பழைய பதிவர் · 10 ஜூன், இரவு 8.50

கவிஞரே, உங்கள் விஷயம் வேறு. கடைசியில் வருகிறேன்.

அம்மா, இதோ கணக்கு. நான் நடத்துவது சமையல் தளம், அதனால் உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் விகிதம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். என் தளத்தில் ஆயிரம் இந்தியப் பார்வைக்கு 35 அமெரிக்கக் காசு கிடைக்கிறது. ஆயிரம் சிங்கப்பூர்ப் பார்வைக்கு 2.60 அமெரிக்க டாலர். மலேசியா முதலிய மற்ற நாடுகள் சேர்ந்து 70 காசு.

உங்கள் 31,000 இந்தியப் பார்வைக்கு 10.85 டாலர். 6,000 சிங்கப்பூர்ப் பார்வைக்கு 15.60. மீதி 5,000-க்கு 3.50. கூட்டினால் 29.95. நம் காசில் நாற்பது வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு.

கவனித்தீர்களா, ஏழில் ஒரு பங்குப் பார்வை பாதிக்கு மேல் காசைக் கொண்டுவருகிறது. இங்கே விளம்பரம் செய்கிற வங்கி, சூப்பர்மார்க்கெட், விமான நிறுவனம் எல்லாம் ஒரு சிங்கப்பூர்க் கண்ணுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை வேறு. பக்கம் தமிழில் இருந்தாலும் அங்கே ஆங்கில விளம்பரம் வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம், பக்கத்தோடு சேர்த்துப் படிப்பவரையும் பார்த்து விலை வைக்கிறார்கள்.

ஆகவே தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு பத்தாயிரம் பார்வையை இழுத்தால் மூன்றரை டாலர் கூடும். செங்காங், ஜூரோங், ஈசூன் அம்மாக்களில் இன்னும் கொஞ்சம் பேர் வந்து ஆயிரத்து முந்நூறு நானூறு பார்வை பார்த்தாலே அதே காசு. அந்த அம்மாக்கள் தேடி வருவதில்லை, ஒருவர் சொல்லி ஒருவர் வருகிறார்கள். உங்கள் மூன்றாவது கேள்விதான் உங்கள் வருமானக் கேள்வியும் என்று ஏன் சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

நடைமுறையில் ஒன்று. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்கு ஒரு ரகசிய எண் கடிதத்தில் வரும். நாலு மாதத்துக்குள் அதை உள்ளிடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். என் நண்பர் ஒருவர் அதை விளம்பரத் துண்டுத்தாள் என்று நினைத்து, புளோக்குக்குக் கீழே தபால் பெட்டிப் பக்கத்துக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டார். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும், அடுத்த மாதம் 21-க்கும் 26-க்கும் இடையில் அனுப்புவார்கள். உங்கள் கணக்குப்படி நாலு மாதத்துக்கு ஒருமுறை.

இனி பொத்தான். அதன் மேல் வைத்தால் தவறுதலாகக் கைபட்டுக் கிளிக் ஆகும். விளம்பரத்தைப் பதிவிறக்க இணைப்புக்கு ஒட்டி வைப்பது விதிப்படியே தவறு. அதைவிட, பாதிப் பேர் சின்னப் பிள்ளைகள். "டவுன்லோட்" என்று பச்சைப் பொத்தான் போட்ட விளம்பரம் வந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கு எது உங்கள் பொத்தான் என்று தெரியுமா?

---

கிளிக்ராஜா · 10 ஜூன், இரவு 9.40

அண்ணே ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். கிளிக் வந்தால்தானே காசு? கிளிக்கே வராத இடத்தில் வைத்து என்ன பயன்?

---

பழைய பதிவர் · 10 ஜூன், இரவு 10.10

2024 தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸில் கணக்கு கிளிக்குக்கு இல்லை தம்பி, விளம்பரம் காட்டப்பட்டதற்கு. கிளிக்குக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை, விளம்பரதாரர் பலர் இன்னும் கிளிக்கைப் பார்த்துத்தான் ஏலம் கேட்கிறார்கள். ஆனால் உள்ளே போன ஆள் இரண்டு நொடியில் திரும்பி வந்தால் அந்த விளம்பரதாரருக்கு அது நஷ்டம். நஷ்டப்பட்டவன் உன் தளத்துக்கு மறுபடி அதே விலை கேட்பானா?

---

எஸ்பாஸ் தம்பி · 11 ஜூன், காலை 8.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் எஸ் பாஸில் வேலை பார்க்கிறேன். எனக்கும் ஒரு தளம் இருக்கிறது, ஊர்ப் பேருந்து நேரம் பற்றியது. விளம்பரம் போட்டால் அது இன்னொரு வேலை ஆகுமா?

---

பழைய பதிவர் · 11 ஜூன், பகல் 12.30

தம்பி, அனுமதிச்சீட்டில் இருக்கிற முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம், அது தெளிவு. தானாக வரும் விளம்பரக் காசு வேலையா இல்லையா என்பதில் நான் வாய் கொடுக்க மாட்டேன். மனிதவள அமைச்சுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். இங்கே யாரோ சொன்னார்கள் என்று செய்யாதே.

செங்காங் அம்மா மாதிரிக் குடிமக்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சொந்தத் தொழில் வருமானமாக வரிக் கணக்கில் காட்டினால் சரி.

---

ஓய்வுபெற்ற டீச்சர் · 11 ஜூன், மாலை 4.05

நான் படிக்கிறவளாகப் பேசுகிறேன். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், இப்போது பேத்திக்கு இதுபோன்ற தளங்களிலிருந்து தாள் எடுக்கிறேன்.

விளம்பரம் இருப்பது எனக்குக் குற்றமாகத் தெரியவில்லை. பத்திரிகையில் இல்லாததா? ஆனால் போன மாதம் வேறொரு தமிழ்த் தளத்தில் ஆத்திசூடி பக்கத்தில் "காதல் வசியம், மூன்றே நாளில்" என்று ஒன்று. அதற்குக் கீழே "உடனடிக் கடன், ஆவணம் தேவையில்லை". அந்தத் தளத்தை நடத்துபவர் இவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். என் பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரியாது. "அந்தத் தளத்தில் போட்டிருந்தார்கள்" என்றுதான் சொன்னார்.

---

பழைய பதிவர் · 11 ஜூன், இரவு 9.00

டீச்சர் சொன்ன இரண்டாவது விளம்பரம் முக்கியமானது. இங்கே உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் விளம்பரம் செய்ய அனுமதி உள்ள இடங்கள் மூன்றே: தன் சொந்த இணையத்தளம், தொழில் விவரக்கொத்து, தன் கடை வாசல். ஆகவே கடன் கொடுக்கிறேன் என்று உங்கள் பக்கத்தில் தலை காட்டுபவர் வங்கியாக இல்லாவிட்டால், முறையானவராக இருக்க வழியில்லை. மோசடியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆட்சென்ஸ் கணக்கில் தடைப் பகுதி ஒன்று இருக்கிறது. சோதிடம், சீக்கிரம் பணக்காரர் ஆவது, டேட்டிங் முதலியவற்றை வகையோடு நிறுத்தலாம். எந்த வகையிலிருந்து வருமானத்தில் எத்தனை விழுக்காடு வந்தது என்றும் அங்கேயே தெரியும், அதைப் பார்த்துவிட்டு மனசாட்சியோடு பேசிக்கொள்ளலாம். அம்மா, விளம்பரம் ஓட ஆரம்பிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

நிறுத்தினாலும் நுழைவது நுழையும். மோசடிக்காரன் வேறு முகவரியில், வேறு வகையில் பதிந்து வருவான். யாராவது புகார் சொன்னால் நீங்கள் திறந்து பார்த்தால் அது தெரியாது, ஏனென்றால் ஆளுக்கு ஆள் வேறு விளம்பரம். திரையைப் படம் பிடித்து, தொட்டால் எந்த முகவரிக்குப் போகிறது என்பதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த முகவரியைத் தனியாகத் தடை செய்யலாம்.

---

செங்காங் அம்மா · 2 செப்டம்பர், இரவு 11.50

அண்ணே, டீச்சர், தலை குனிந்து வந்திருக்கிறேன்.

ஜூன் கடைசியில் விளம்பரம் போட்டேன். கட்டுரைக்கு நடுவே ஒன்று, தாளின் முடிவில் ஒன்று. ஜூலையில் 39,000 பார்வை, 27 டாலர். நீங்கள் போட்ட கணக்குக்கு ரொம்பக் கிட்டத்தில். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஆகஸ்ட் பிறந்ததும் வாய்மொழித் தேர்வு நெருங்கியது, கூட்டம் ஏறியது. ஆசை வந்தது. ராஜா தம்பி சொன்ன இடத்தில் மூன்றாவதாக ஒன்றை வைத்தேன், பொத்தானுக்கு நேர் மேலே. இரண்டே நாளில் வருமானம் மூன்று மடங்கு. மாத முடிவில் 58,000 பார்வை, 118 டாலர் என்று காட்டியது. ஜூலையோடு சேர்த்து 145. வீட்டுக்காரரிடம் சொல்லி, பிள்ளைகளைத் தேக்காவில் மீன்தலைக் கறி சாப்பிடவும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

29-ஆம் தேதி கணக்கில் அறிவிப்பு, விளம்பரம் காட்டப்படுவது மட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது என்று. இன்று ஆகஸ்ட் தொகை முடிவாகி வந்தது. 118 இல்லை, 41. மீதி செல்லாத கிளிக், செல்லாத பார்வை என்று கழித்துவிட்டார்கள். நான் யாரையும் கிளிக் செய்யச் சொல்லவில்லை, நானும் தொட்டதில்லை. இது ஏன்?

---

பழைய பதிவர் · 3 செப்டம்பர், காலை 6.40

மூன்று விளம்பரத்துக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்திருந்தால், அறிக்கையில் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை கிளிக் என்று பாருங்கள்.

---

செங்காங் அம்மா · 3 செப்டம்பர், காலை 9.10

கட்டுரை நடுவில் 0.8. முடிவில் 0.6. பொத்தானுக்கு மேலே 7.2.

---

பழைய பதிவர் · 3 செப்டம்பர், இரவு 8.20

அதுதான். நூறு பேரில் ஏழு பேர் ஒரு விளம்பரத்தை விரும்பித் தொட்டார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே பக்கத்தில் ஒன்று மற்றவற்றைப்போல ஒன்பது, பன்னிரண்டு மடங்கு என்றால் பிழை வாசகரிடம் இல்லை, இடத்தில் இருக்கிறது. நீங்கள் சூது செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் கணக்கில் தெரிவது சூது செய்தவரின் எண்தான். இனி வாரத்துக்கு ஒருமுறை இந்த அட்டவணையைப் பாருங்கள். ஒன்று மட்டும் துள்ளினால் மகிழ்ச்சி வேண்டாம், போய்ப் பக்கத்தைப் பாருங்கள். மாத நடுவில் காட்டுவது மதிப்பீடுதான். முடிவான தொகை வரும்வரை மீன்தலைக்குப் போகாதீர்கள்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. விளம்பரம் ஏறும்போது பக்கம் கீழே நகர்கிறதா?

---

செங்காங் அம்மா · 3 செப்டம்பர், இரவு 9.05

இப்போதுதான் கைப்பேசியில் பார்த்தேன். பொத்தான் முதலில் தெரிகிறது. ஒரு நொடி கழித்து அந்த இடத்தில் விளம்பரம் வந்து உட்கார, பொத்தான் கீழே இறங்குகிறது. விரல் போகும் நேரம் சரியாக! நானே தொட்டிருப்பேன். இன்னொன்றும் தெரிகிறது, பக்கம் இடமும் வலமும் கொஞ்சம் ஆடுகிறது.

---

பழைய பதிவர் · 3 செப்டம்பர், இரவு 10.30

அப்போது நிறைய கிளிக்குக்கு இதுவே காரணம். விளம்பரத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்காததால் அது வந்த பிறகு எழுத்தைத் தள்ளுகிறது. கூகுள் இந்த நகர்வை ஓர் எண்ணால் அளக்கிறது, 0.1-க்குள் இருந்தால் நல்லது என்பது அதன் கணக்கு. உங்கள் பக்கம் அதைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். தேடலில் வருகிற கூட்டத்துக்கும் அது நல்லதல்ல.

பக்கம் ஆடுவது விளம்பர அகலத்தால். 360 பிக்சல் அகலக் கைப்பேசியில் இரண்டு பக்கமும் 16 விட்டால் மிஞ்சுவது 328. நீங்கள் 336 அகல விளம்பரம் வைத்திருப்பீர்கள், எட்டு பிக்சல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 300-க்கு 250 அளவுக்கு மாற்றுங்கள், விளம்பரத்தைச் சுற்றிய பெட்டிக்கு இதைக் கொடுங்கள்:

```css
.vilambaram {
  min-height: 280px;
  margin: 40px 0;
  text-align: center;
}
```

250 விளம்பரத்துக்கு, மேலே 30 "விளம்பரம்" என்று சின்ன எழுத்தில் போட. அந்தச் சொல்லை மட்டும் போடுங்கள், "பயனுள்ள இணைப்புகள்" என்றெல்லாம் தலைப்பு வைக்கக் கூடாது. விளம்பரம் வராத நாளில் அங்கே வெற்றிடம் தெரியும். தெரியட்டும். பெட்டி பெரிதாக வந்து எழுத்தைத் தள்ளுவதைவிட அது மேல்.

இடத்தைப் பொறுத்தவரை, தாள் பக்கத்தில் முதல் திரையில் ஒன்றும் வேண்டாம். தலைப்பும், இது எந்த வகுப்புக்கு, என்ன பயிற்சி என்ற இரண்டு பத்தியும் இருக்கட்டும். விளக்கம் முடிந்து பயிற்சி தொடங்கும் முன் ஒன்று. அப்புறம் பயிற்சி, பதிவிறக்கப் பொத்தான், அதற்குக் கீழே விடைக்குறிப்பு, அதையும் தாண்டி இன்னொன்று. பொத்தானுக்கு மேலும் கீழும் ஒரு திரை அளவாவது எழுத்துதான் இருக்க வேண்டும்.

கணினித் திரையில் பலர் செய்வது, விளம்பரத்தை வலப்பக்கம் ஒதுக்கி எழுத்தை அதைச் சுற்றி ஓட விடுவது. ஆங்கிலத்தில் அது பரவாயில்லை. தமிழ்ச் சொல் நீளம். "கேட்டுக்கொண்டிருந்தபோது" மாதிரி ஒரு சொல் குறுகிய வரியில் கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போனால் இந்த வரி பாதி காலி. இருபக்கமும் நேராக்கும் அமைப்பும் இருந்தால் சொல்லுக்குச் சொல் ஓட்டை. பிள்ளைகள் வாசிக்கிற பக்கத்தில் இது பெரிய தொந்தரவு.

---

கிளிக்ராஜா · 4 செப்டம்பர், காலை 7.55

அக்கா, மன்னிச்சிடுங்க. எனக்கு அந்த இடத்தில் ஒன்றும் ஆனதில்லை, அதனால் சொன்னேன். என் தளத்துக்கு மாதம் மூவாயிரம்தான் வரும், அதனால் யார் கண்ணிலும் படவில்லை போல.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆட்டோ ஆட்ஸ் போட்டால் இடத்தை அதுவே பார்த்துக்கொள்ளாதா?

---

பழைய பதிவர் · 4 செப்டம்பர், பகல் 1.00

பார்த்துக்கொள்ளும், தன் கணக்கில். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் போகும்போது முழுத் திரையை மூடும் விளம்பரத்தையும், திரையின் அடியில் ஒட்டிக்கொள்ளும் பட்டையையும் அதுவே சேர்த்துவிடும். இரண்டையும் தனித்தனியாக நிறுத்தலாம், சில பக்கங்களை விலக்கியும் வைக்கலாம். பிள்ளைகள் தளத்தில் முழுத் திரையை நான் நிச்சயம் நிறுத்துவேன். அடிப்பட்டை விஷயத்தில் எனக்கே இரண்டு மனம், என் சமையல் தளத்தில் அதுதான் நன்றாகச் சம்பாதிக்கிறது.

---

ஓய்வுபெற்ற டீச்சர் · 4 செப்டம்பர், மாலை 5.30

எனக்கு வேண்டாம் அந்தப் பட்டை. பேத்தி கைப்பேசியைப் பிடிக்கும் கட்டைவிரல் அங்கேதான் இருக்கிறது.

செங்காங் அம்மா, ஒன்று செய்யுங்கள். பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுதுங்கள். தாள்கள் இலவசமாக இருக்க விளம்பரம் போடுகிறேன், எது வரும் என்பதை நான் தேர்ந்தெடுப்பதில்லை, தவறாக ஏதாவது வந்தால் படம் பிடித்து இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று. மறைக்காமல் சொன்னால் கோபம் வராது.

அப்புறம் அச்சடிக்கும்போது விளம்பரப் பெட்டி தாளில் வரக் கூடாது. ஒருமுறை எனக்கு ஒரு பக்கம் முழுக்க வெள்ளைக் கட்டம் வந்தது, மை வீண்.

---

செங்காங் அம்மா · 4 செப்டம்பர், இரவு 10.15

டீச்சர், அச்சு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அதை இன்றே மறைத்துவிட்டேன். மூன்றாவது விளம்பரத்தையும் எடுத்துவிட்டேன்.

இன்னொரு குழப்பம். தளம் குழந்தைகளுக்கானது என்று கூகுளுக்குத் தெரிவிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறதாம். தெரிவித்தால் ஆளைப் பார்த்து விளம்பரம் காட்டுவதை நிறுத்திவிடுவார்கள், வருமானம் குறையும். என் தளம் குழந்தைகளுக்கானதா, அம்மாக்களுக்கானதா? தேடி வருவது அம்மா, உட்கார்ந்து படிப்பது பிள்ளை.

---

பழைய பதிவர் · 5 செப்டம்பர், காலை 7.10

தளத்தை ஒரே மாதிரி பார்க்காதீர்கள். பிள்ளை திரையிலேயே விடை தொட்டு விளையாடும் வினாடி வினாப் பக்கங்களில் விளம்பரமே வேண்டாம். பெற்றோருக்கான குறிப்புப் பக்கங்களில் வழக்கம்போல இருக்கட்டும். தாள் பக்கம் நடுவில் நிற்கிறது. அங்கே நானாக இருந்தால் தெரிவித்துவிட்டுக் குறைவான காசை வாங்கிக்கொள்வேன்.

---

கிளிக்ராஜா · 5 செப்டம்பர், காலை 8.20

அண்ணே, தாள் பக்கம்தானே கூட்டம் முழுக்க? அதைக் குறைத்தால் சர்வர் காசுகூட வராது. கைப்பேசி அம்மாவுடையது, கணக்கும் அம்மாவுடையது. நான் தெரிவிக்க மாட்டேன்.

---

செங்காங் அம்மா · 30 நவம்பர், இரவு 9.40

எப்படிப் போனது என்று சொல்ல வந்தேன். செப்டம்பர் முழுக்க விளம்பரம் அரைகுறையாகத்தான் வந்தது, 6 டாலர். அக்டோபர் முதல் வாரத்தில் கட்டுப்பாடு நீங்கியது. அந்த மாதம் பார்வை 33,000-க்கு இறங்கியும் 24 வந்தது. ஆக மொத்தம் 98. நூறுக்கு இரண்டு டாலர் குறை! வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நவம்பரில் பள்ளி விடுமுறை, 17,000 பார்வைதான், ஆனாலும் இதுவரை 13 காட்டுகிறது. வருஷக் கடைசியில் விளம்பர விலை ஏறும் என்பது நிஜம்தான் அண்ணே, பாவம், ஏறும் நேரத்தில் என் கூட்டம் ஊருக்குப் போய்விடுகிறது. முடிவான தொகை வந்தால் டிசம்பரில் முதல் பணம்.

இதற்கிடையே ஒரு டியூஷன் நிலையம் மாதம் 120 வெள்ளி தருகிறோம், பக்கத்தின் மேலே எங்கள் படத்தைப் போடுங்கள் என்கிறது. விளம்பர வருமானத்தைப்போல மூன்று மடங்கு. பதில் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

---

ஓய்வுபெற்ற டீச்சர் · 1 டிசம்பர், காலை 10.00

வேண்டாம் அம்மா. மற்ற விளம்பரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

---

பழைய பதிவர் · 1 டிசம்பர், பகல் 12.45

நான் டீச்சரோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. யார் என்று தெரிந்த விளம்பரம், தெரியாத கடன்காரனைவிட மேல். அந்த நிலையத்துக்குப் போய் ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். பிடித்திருந்தால் போடுங்கள், காசு வாங்கிப் போட்டது என்று பெரிதாகவே எழுதுங்கள். இணைப்பில் `rel="sponsored"` சேர்க்க மறக்க வேண்டாம், காசு வாங்கிய இணைப்பை அப்படிக் குறிக்கும்படிதான் கூகுள் கேட்கிறது. ஆனால் மேலே வேண்டாம், விடைக்குறிப்புக்குக் கீழே.

---

மதுரைக்கவி · 1 டிசம்பர், மாலை 6.30

ஐயா, கடைசியில் வருகிறேன் என்று ஜூனில் சொன்னீர்கள்.

---

பழைய பதிவர் · 1 டிசம்பர், இரவு 9.15

மறந்தே போனேன் கவிஞரே, மன்னிக்க வேண்டும். உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். 400 பக்கத்தில் முக்கால்வாசி நாலு வரி, ஆறு வரி. அதைச் சுற்றி மெனு, பக்கப்பட்டி, பழைய பதிவுப் பட்டியல். இயந்திரத்தின் கண்ணில் பக்கம் காலியாகத் தெரியும். 2005-ஆம் வருஷப் பதிவுகள் யூனிகோடில்கூட இல்லை, பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. எனக்கே கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அவற்றை மாற்றுங்கள். ஒரு மழைக்கு எழுதிய இருபது கவிதையை ஒரே பக்கமாகச் சேர்த்து, எப்போது ஏன் எழுதினீர்கள் என்று முன்னால் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

கிடைத்தால் ஆட்டோ ஆட்ஸில் பக்கத்துக்குள் வருவதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வரிக்கும் நாலாம் வரிக்கும் நடுவில் வாஷிங் மெஷின் வந்து நிற்கும்.

---

மதுரைக்கவி · 1 டிசம்பர், இரவு 9.50

வந்தால் வரட்டும் ஐயா, நாலாம் வரி கொஞ்சம் பலவீனம்தான்.